தீர்மானத்தில் வெட்டப்பட்ட வரி

2009ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தின் முதல் வாரத்தில், ரொறன்ரோவிலிருந்து வெளிவரும் ஒரு தமிழ் வார இதழின் பிரதியொன்று என் கைக்கு வந்து சேர்ந்தது. அதில் என் நண்பன் எழுதிய கட்டுரை இருந்தது. என் பெயரை அவன் குறிப்பிடவில்லை. ஆனால், "கொழும்பில் இருந்துகொண்டு பேனா பிடிக்கும் துரோகிகள்" என்று தொடங்கும் பந்தியில் யார் குறிக்கப்பட்டிருக்கிறார் என்பதை, எங்கள் இருவரையும் அறிந்த எவரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். சில வாரங்களுக்கு முன் நான் எழுதியிருந்த கட்டுரைக்கு அது பதில்.

சம்பவத்தின் பின்னணியை அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1976 மே 14ஆம் திகதி, வட்டுக்கோட்டைத் தொகுதியிலுள்ள பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் முதலாவது தேசிய மாநாடு நடந்தது. தந்தை செல்வாவின் தலைமையில் தனிநாடு கோரும் தீர்மானம் அங்கே நிறைவேற்றப்பட்டது. வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று வரலாறு அதை அழைக்கிறது. போர் முடிந்த 2009இல், புலம்பெயர்ந்த தமிழர்கள் அத்தீர்மானத்தை மீள உறுதி செய்வதற்காக ஒவ்வொரு நாடாக வாக்கெடுப்பு நடத்தத் தொடங்கினார்கள். மே மாதத்தில் நோர்வே. டிசம்பர் 19ஆம் திகதி கனடா. என் நண்பன் ரொறன்ரோவில் ஒரு வாக்குச் சாவடிக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்திருந்தான். நானோ, அந்த வாக்கெடுப்பு வேண்டாத வேலை என்று எழுதியிருந்தேன்.

நாங்கள் இருவரும் வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய செமினறியின் வழிவந்தது எங்கள் கல்லூரி. பழைய கதைகளுக்குப் பஞ்சமில்லாத இடம். அக்கதைகளுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது 1829ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின் கதை. செமினறியின் அதிபராக இருந்த டானியல் பூவரின் கணக்குக்கும் உள்ளூர்ப் பஞ்சாங்க கணிதரின் கணக்குக்கும் வேறுபாடு இருந்தது. கிரகணம் எப்போது தொடங்கும், எவ்வளவு மறையும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பவற்றில் இரு தரப்பும் ஒத்துப்போகவில்லை. மார்ச் மாதத்து அந்த இரவில் ஊரே வானத்தைப் பார்த்து நின்றது. பாதிரியாரின் கணக்கே சரியென்று நிலா தீர்ப்புச் சொல்லிவிட்டது.

கல்லூரிக் காலத்தில் நானும் நண்பனும் எதைப் பற்றி வாதாடினாலும், முடிவில் யாராவது ஒருவர் "நிலா வரட்டும் பாப்பம்" என்போம். 2009இல் அந்தச் சொற்றொடர் எனக்கு நினைவுக்கு வந்தது. எங்கள் வழக்குக்குத் தீர்ப்புச் சொல்ல எந்த நிலாவும் வரப்போவதில்லை என்பதும் கூடவே உறைத்தது.

*

என்னைச் சுட்டது கருத்து வேறுபாடு அன்று. அந்த ஒற்றைச் சொல். வேறோர் ஊரில் அது வெறும் வசையாக இருக்கலாம். வட்டுக்கோட்டைக்காரர்களுக்கு அப்படியல்ல.

1970ஆம் ஆண்டுத் தேர்தலில் வட்டுக்கோட்டையில் அ. அமிர்தலிங்கம் தோற்றார். 1956 முதல் அத்தொகுதியை வைத்திருந்தவர் அவர். வென்றவர் தமிழ்க் காங்கிரசின் ஆ. தியாகராஜா, காரைநகர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். வென்றபின் அவர் அரசாங்கத்தை ஆதரித்தார். துரோகி என்ற சொல் அவர்மீது ஒட்டிக்கொண்டது. 1981 மே மாதத்தில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்பாளராக நின்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1989 ஜூலை 13ஆம் திகதி, கொழும்பில் அமிர்தலிங்கமும் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைச் சுட்டவர்களின் அகராதியில் அவருக்கும் அதே சொல்தான் எழுதப்பட்டிருந்தது. ஒரே தொகுதியில் எதிரெதிராக நின்ற இரண்டு மனிதர்களை ஒரே சொல் கொண்டுபோயிற்று.

இதை அறிந்த நண்பனே அச்சொல்லை எழுதினான் என்பதுதான் என் கோபம். இரண்டு நாட்கள் பதில் கட்டுரையொன்றை மனத்துக்குள் எழுதிக்கொண்டே இருந்தேன். அது மிக நன்றாக வந்துகொண்டிருந்தது. நாற்பது ஆண்டு காலம் பத்திரிகையில் இருந்தவனுக்கு, எதிராளியின் வாயை அடைக்கும் கட்டுரை எழுதுவது பெரிய காரியமன்று. அவ்வளவு நன்றாக வந்ததே என்னை எச்சரித்தது. அந்தக் கட்டுரையில் நான் அவனோடு பேசவில்லை. அவனைப் பற்றி வாசகர்களோடு பேசிக்கொண்டிருந்தேன். 'நீ' என்று சொல்ல வேண்டிய இடங்களிலெல்லாம் 'இவர்களைப் போன்றோர்' என்று வந்திருந்தது. அவனும் அதைத்தான் செய்திருந்தான்.

மூன்றாம் நாள் இரவு தொலைபேசியில் அழைத்தேன்.

*

முதல் பத்து நிமிடமும் வீண். நான் பேச அவன் வெட்ட, அவன் பேச நான் வெட்ட. பிறகு, பள்ளிக்கூட விவாத மேடையில் எங்கள் ஆசிரியர் ஒருவர் வைத்திருந்த விதி ஞாபகத்துக்கு வந்தது: எதிர்த்தரப்பு சொன்னதை, எதிர்த்தரப்பு தலையாட்டும் விதமாகச் சொல்லிக் காட்டிய பின்புதான் மறுக்கலாம். அதைச் செய்து பார்ப்போம் என்றேன்.

"சரி, நான் என்ன சொல்லுறன் எண்டு நீ சொல்லு பாப்பம்" என்றான்.

சொன்னேன். "இல்லை, நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றான். மறுபடி சொன்னேன். மறுபடியும் இல்லை. மூன்றாம் முறைதான் "ம்... ஏறக்குறைய" என்றான். அந்த மூன்றாம் முறைக்குள் எனக்கு ஒன்று தெளிந்திருந்தது. நான் மறுத்து எழுதியது அவன் கருத்தையன்று. அவனைவிடக் கடுமையான யாரோ ஒருவரின் கருத்தை. மறுநாளே நாடு கிடைத்துவிடும் என்று அவன் நம்பவில்லை. இத்தனை இழப்புக்குப் பிறகு, 'அந்த வேட்கை பொய்யன்று' என்று எங்காவது பதிவாக வேண்டும் என்பதே அவன் நிலைப்பாடு.

என் நிலைப்பாட்டை அவன் சொல்லிக் காட்டியபோதும் இதே கதைதான். அரசாங்கத்துக்கு நல்ல பிள்ளையாக இருக்க விரும்புகிறேன் என்று தொடங்கினான். நான் சொன்னது அதுவன்று. வன்னியிலிருந்து வந்த இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை அந்த ஆண்டு முட்கம்பி வேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அவர்களைக் கேட்காமல், அவர்களுடைய எதிர்காலத்தைப் பற்றித் தூர தேசத்தில் வாக்களித்தால், அதன் விலையை அவர்கள்தான் கொடுக்க நேரும் என்பதே என் வாதம்.

அதன்பின் எங்கள் சர்ச்சையை மூன்று கூறாகப் பிரித்தோம். தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது ஒன்று. என்ன நடந்தது என்பது இரண்டு. என்ன செய்ய வேண்டும் என்பது மூன்று. முதல் இரண்டுக்கும் நிலா உண்டு. புத்தகத்தைத் திறந்தால் தெரிந்துவிடும். மூன்றாவதற்கு இல்லை. நாங்கள் சண்டையிட்டதில் பாதிக்கு மேல், நிலா உள்ள விஷயங்களுக்காகத்தான் என்பது அப்போது புலப்பட்டது.

*

"மச்சான், அந்தத் தீர்மானத்தை நீ முழுக்க வாசிச்சனியோ?" என்று கேட்டேன்.

சிரித்தான். பண்ணாகத்து மாநாட்டுக்கு அவன் போயிருந்தவன். நான் அப்போது கொழும்பில் ஒரு பத்திரிகையில் இளம் உதவி ஆசிரியன்.

ஆங்கில மூலத்தை எடுத்து, அதில் பலரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடத்தை வாசித்துக் காட்டினேன். தனிநாட்டை அமைப்பது தவிர்க்க முடியாததாகிவிட்டது என்று கூறிய பின், அத்தீர்மானம் சற்று நிற்கிறது. தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்கம் என்ற வகையில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தனிநாட்டுக் கோரிக்கை பற்றித் தெரிவித்த தயக்கங்களை மாநாடு கவனத்தில் கொள்கிறது என்றும், அத்தொழிலாளரில் பெரும்பான்மையோர் வடக்கு கிழக்குக்கு வெளியே வாழ்ந்து உழைப்பவர்கள் என்றும் அங்கே பதிவாகியிருக்கிறது.

சௌமியமூர்த்தி தொண்டமானின் மறுப்பு அது. செல்வநாயகம், ஜி. ஜி. பொன்னம்பலம் ஆகியோரோடு கூட்டணியின் மூன்று தலைவர்களுள் ஒருவராக இருந்தவர் அவர். அவர் இணங்கவில்லை. இணங்காதவரை வெளியே தள்ளிவிட்டுத் தீர்மானத்தை எழுதியிருக்கலாம். அல்லது அவர் வாயை மூடிவிட்டு, ஏகமனதானது என்று அறிவித்திருக்கலாம். அவர்கள் இரண்டையும் செய்யவில்லை. தங்கள் வாழ்நாளின் மிகப் பெரிய பிரகடனத்துக்குள்ளேயே, அதை ஏற்காத தோழரின் மறுப்பையும், அந்த மறுப்பின் நியாயத்தையும் எழுதி வைத்தார்கள். 'அவர் பயந்துவிட்டார்' என்று எழுதவில்லை. 'அவருடைய மக்கள் வேறிடத்தில் வாழ்கிறார்கள்' என்று எழுதினார்கள்.

அதைத் தந்தை செல்வா ஏற்றது எனக்கு வியப்பில்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டங்களின் காரணமாகவே அவர் பொன்னம்பலத்தைப் பிரிந்து, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர். பிரிந்த அதே பொன்னம்பலத்தோடு 1972இல் மீண்டும் ஒரே மேடையில் அமர்ந்தவர். கருத்துக்காகப் பிரிவதும் பிரிந்தவரோடு பேச்சை அறுக்காதிருப்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

தொலைபேசியில் நீண்ட மௌனம். "இது எனக்குத் தெரியாது மச்சான். நாங்கள் வாசிச்ச துண்டில இது இல்லை" என்றான்.

அப்போது நான் சொல்ல வேண்டியிருந்ததைச் சொன்னேன். 1976 மே மாதத்தில் அந்தத் தீர்மானத்தின் பிரதி எங்கள் மேசைக்கும் வந்தது. அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருந்த காலம். பத்திரிகைகள் சுருக்கமாகவும் எச்சரிக்கையாகவும் நடந்துகொண்ட காலம். செய்தியைச் சுருக்கும் வேலை என்னிடம் தரப்பட்டது. தொழிலாளர் காங்கிரஸ் பற்றிய அந்த வரியை வெட்டியவன் நான். யாரும் வெட்டச் சொல்லவில்லை. இடம் போதவில்லை, பிரதானமான செய்திக்கு அது தடங்கலாகத் தெரிந்தது. முப்பத்துமூன்று ஆண்டுகளாக அதை எவரிடமும் சொன்னதில்லை. மறுப்புக்கு இடம் கொடுத்த ஒரு ஆவணத்திலிருந்து மறுப்பை நீக்கி அச்சுக்கு அனுப்பியவன், மறுப்பைச் சகிக்கவில்லை என்று நண்பன்மீது கோபித்துக்கொண்டிருந்தேன்.

*

இரண்டாவது கூறுக்கு வந்தோம். தொண்டமானின் தயக்கம் பலித்ததா?

1977 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 18 ஆசனங்களை வென்றது. ஆகஸ்ட் மாதமே தமிழர்மீது வன்முறை வெடித்தது. வடக்கு கிழக்கில் வாக்கே அளிக்காத தோட்டத் தொழிலாளர்களும் அடிபட்டார்கள். பலர் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடி வந்து குடியேறினார்கள். 2009இல் முட்கம்பிக்குள் இருந்தவர்களில் அக்குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். விலை கொடுப்பவர் யார் என்ற தொண்டமானின் கேள்விக்கு இதைவிடக் கொடிய விடை தேவையில்லை என்றேன்.

நண்பன் விடவில்லை. 1978இல் தொண்டமான் அமைச்சரவையில் சேர்ந்தாரே, 1983 ஜூலையில் அந்த நாற்காலி அவருடைய மக்களைக் காப்பாற்றியதா என்று கேட்டான். இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைத்ததில் அந்த நாற்காலிக்குப் பங்கு உண்டே என்றேன். அதை அவன் ஒப்புக்கொண்டான்.

பிறகு அவன் கேட்ட கேள்விதான் என்னை மடக்கியது. 1983 ஆகஸ்டில் வந்த ஆறாவது திருத்தச் சட்டம், தனிநாட்டை ஆதரித்துப் பேசுவதையே குற்றமாக்கியது. "நீ கொழும்பில இருந்து 'இல்லை' எண்டு எழுதினனி. உன்னால 'ஓம்' எண்டு எழுத ஏலுமோ? ஏலாது எண்டால், உன்ர 'இல்லை'க்கு என்ன பெறுமதி?"

இதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை. இன்றும் முழுமையான விடை இல்லை. என் கருத்து நான் நேர்மையாக அடைந்த கருத்துத்தான். ஆயினும் சட்டம் அனுமதிக்கும் ஒரே கருத்தும் அதுவாக இருந்தபோது, வாசகன் அதை எந்தத் தராசில் நிறுப்பான்? இதை என் கட்டுரையில் நானே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

மூன்றாவது கூறில் நாங்கள் ஓர் அங்குலமும் நகரவில்லை. டிசம்பர் 19 அன்று அவன் வாக்குச் சாவடியில் நின்றான். நான் வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். இனிமேல் இந்த விஷயத்தில் யார் எதை எழுதினாலும், பண்ணாகத்தில் செய்தது போல, மற்றவரின் மறுப்பை ஒரு வாக்கியத்தில், காரணத்தோடு எழுதிவிட வேண்டும்; அந்த வாக்கியத்தை மட்டும் அச்சுக்குப் போகுமுன் மற்றவரிடம் வாசித்துக் காட்ட வேண்டும். துரோகி என்ற சொல் கூடாது. அதை நான் கேட்பதற்கு முன் அவனே சொன்னான். "தியாகராஜா மாஸ்டர நினைச்சன். எழுதேக்க நினைக்கேல்லை" என்றான்.

*

இந்த ஏற்பாடு எப்போதும் பலித்தது என்று சொல்ல மாட்டேன். 2013இல் வடமாகாண சபைத் தேர்தல் வந்தபோது மறுபடி முறுகிக்கொண்டோம். பதின்மூன்றாவது திருத்தத்தின் கீழ் வந்த சபையில் போட்டியிடுவதே தவறு என்பது அவன் கட்சி. கையில் கிடைத்ததை விடக்கூடாது என்பது என் கட்சி. அந்தமுறை விதியை மீறியவன் நான். அவன் மறுப்பை எழுதினேன், வாசித்துக் காட்டவில்லை. எழுதியதும் அவன் சொல்லக்கூடிய விதமாக இல்லை. நான் மறுக்க வசதியான விதமாக இருந்தது. நான்கு மாதங்கள் பேச்சு நின்றது. பிறகு அவனுடைய தாயாரின் மரணச் செய்தி வந்தது. நான் வட்டுக்கோட்டைக்குப் போய், வரமுடியாதிருந்த அவனுக்காகக் கிரியைகள் முடியும்வரை வீட்டில் இருந்தேன். அதன்பின் யார் முதலில் பேசுவது என்ற கேள்வி எழவில்லை.

இதற்கு எல்லையும் உண்டு. அவன் எந்தக் காலத்திலும், யாரையாவது சுட வேண்டும் என்றோ, சுட்டது சரி என்றோ எழுதியதில்லை. எழுதியிருந்தால் நான் தொலைபேசியை எடுத்திருக்க மாட்டேன். வட்டுக்கோட்டையில் இரண்டு பிணங்களைக் கண்ட தலைமுறைக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறதென்று தெரியும்.

2018இல் அவன் ஊருக்கு வந்தான். கல்லூரி வாசலில் சந்தித்து, பண்ணாகம் வரை நடந்தோம். வயல்வெளியைத் தாண்டும்போது காற்று நன்றாக அடித்தது. மாநாட்டில் எந்தப் பக்கம் இருந்தேன், யார் என்ன பேசினார்கள் என்றெல்லாம் அவன் சொல்லிக்கொண்டு வந்தான். அந்த வாக்கெடுப்பு சரியானதுதான் என்று நடுவிலே ஒருமுறை சொன்னான். இல்லை என்று நான் சொன்னேன்.

"அதை எழுது" என்றான். "ஆனா, நான் சொன்னதையும் வெட்டாமல் எழுது."

வெட்டாமல் எழுதியிருக்கிறேன். அச்சுக்குப் போகுமுன், அவன் பக்கத்து வரிகளைத் தொலைபேசியில் வாசித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னான், ஏற்றுக்கொண்டேன்.